மரபுக்கால்வழி வரைபடத்தைப் படிப்பது எப்படி? விக்டோரியா அரசி குடும்பத்தை வைத்துச் சில கேள்விகளும் பதில்களும்

சதுரம், வட்டம், கறுப்பு, இரட்டைக் கோடு... இதெல்லாம் என்ன குறிக்கிறது?

சதுரம் ஆண், வட்டம் பெண். உள்ளே கறுப்பாக நிரப்பியிருந்தால் அந்தப் பண்போ நோயோ உள்ளவர். இருவரை இணைக்கும் படுக்கைக் கோடு தம்பதியைக் காட்டும். அது இரட்டைக் கோடாக இருந்தால் இரத்த சொந்தத்தில் நடந்த திருமணம். அதிலிருந்து இறங்கும் கோட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், மூத்தவர் இடப்பக்கம். குறுக்கே சாய்வாக ஒரு கோடு இருந்தால் இறந்துவிட்டவர்.

இரண்டு விஷயங்களில் மட்டும் கவனமாக இருங்கள். வட்டத்துக்குள் ஒரு புள்ளி வைத்திருந்தால் அவர் கடத்தி, அதாவது தனக்கு நோய் இல்லாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடியவர் என்று பொருள். பெரும்பாலும் அந்தப் புள்ளி யாரோ ஏற்கெனவே படத்தைப் படித்து எடுத்த முடிவுதான், நேரில் கண்ட தகவல் அல்ல. நீங்களாகப் படித்துப் பழக வேண்டுமென்றால் புள்ளிகளை மறைத்துவிட்டுத் தொடங்குங்கள். இன்னொன்று, வெறும் சதுரம் என்றால் ‘நோய் தெரியவில்லை’ என்றுதான் அர்த்தம். நாற்பது வயதுக்கு மேல் தலைகாட்டும் நோயின் படத்தில், பத்து வயதுப் பையனின் வெறும் சதுரத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

முதலில் எந்த இடத்தைப் பார்ப்பது? மொத்தப் படமும் ஒரே குழப்பமாக இருக்கிறது.

மொத்தப் படத்தைப் பார்க்காதீர்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள் என்று சின்னச் சின்ன வீடுகளாகப் பிரித்து, ஒரு விதியை உடைக்கக்கூடிய வீட்டைத் தேடுங்கள்.

பெற்றோர் இருவருக்கும் இல்லாத பண்பு பிள்ளைக்கு வந்திருக்கிறதா? அப்படியானால் அது ஒடுங்கு பண்பு, அதாவது மரபணுவின் நல்ல பிரதி ஒன்றுகூட இல்லாதபோது மட்டும் வெளிப்படுவது. பெற்றோர் இருவருக்கும் இருந்தும் ஒரு பிள்ளைக்கு இல்லையா? அப்படியானால் ஓங்கு பண்பு, அதாவது ஒரே ஒரு பிரதி மாறியிருந்தாலே வெளிப்படுவது. பெரும்பாலான படங்களில் இந்த இரண்டில் ஒரு வீடு எங்காவது இருக்கும்.

அப்புறம்தான் அது எக்ஸ் குரோமோசோமில், அதாவது பெண்ணுக்கு இரண்டும் ஆணுக்கு ஒன்றும் உள்ள குரோமோசோமில், இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி. இங்கே நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே ஒன்று: அப்பா தன் எக்ஸ் குரோமோசோமை மகள்கள் எல்லோருக்கும் கொடுக்கிறார், மகன் ஒருவனுக்கும் கொடுப்பதில்லை. மற்ற விதிகள் இதிலிருந்தே வரும். ஒடுங்கு பண்பு உள்ள பெண்ணின் அப்பாவுக்கு அந்தப் பண்பு இல்லையென்றால் அது எக்ஸ் சார்ந்தது அல்ல. ஓங்கு பண்பு உள்ள அப்பாவின் ஒரு மகளுக்காவது அது இல்லையென்றால், அதுவும் எக்ஸ் சார்ந்தது அல்ல.

இதில் எதுவுமே ‘இதுதான் விடை’ என்று சொல்வதில்லை, ‘இது விடை அல்ல’ என்றுதான் சொல்கிறது. படம் படிப்பது முழுக்க இப்படி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போகும் வேலைதான்.

உண்மையான ஒரு குடும்பத்தை வைத்துக் காட்ட முடியுமா?

விக்டோரியா அரசியின் குடும்பமே போதும். அவருக்கும் ஆல்பர்ட்டுக்கும் ஒன்பது பிள்ளைகள்: ஐந்து மகள்கள், நான்கு மகன்கள். மகன்களில் லியோபோல்ட் ஒருவருக்கு மட்டும் ஹீமோஃபிலியா, அதாவது இரத்தம் எளிதில் உறையாத நோய். 1884-ல் கீழே விழுந்து அடிபட்டு முப்பது வயதில் இறந்தார். மற்ற எட்டுப் பேருக்கும் நோய் இல்லை. ஆனால் ஆலிஸ், பீட்ரிஸ் என்ற இரண்டு மகள்களின் வழியில் அது மறுபடி வந்தது.

ஆலிஸின் மகன் ஃபிரெடெரிக் இரண்டு வயதில் ஜன்னலிலிருந்து விழுந்து இரத்தக்கசிவில் இறந்தான். ஆலிஸின் மகள் ஐரீனுக்குப் பிறந்த மூன்று மகன்களில் இருவருக்கு நோய். இன்னொரு மகள் அலெக்ஸாண்ட்ரா ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸை மணந்தார். 1904-ல் பிறந்த அவர்களுடைய ஒரே மகன் அலெக்ஸிக்கும் நோய். பீட்ரிஸின் மகன் ஒருவருக்கு நோய். பீட்ரிஸின் மகள் ஸ்பெயின் அரசியானார், அங்கே இரண்டு மகன்களுக்கு நோய். நோயுற்ற லியோபோல்டுக்கு ஒரு மகள், ஒரு மகன். இருவருக்கும் நோய் இல்லை, ஆனால் அந்த மகளின் மகன் ரூபர்ட்டுக்கு இருந்தது.

இப்போது அடித்துக்கொண்டே வருவோம். விக்டோரியாவுக்கும் ஆல்பர்ட்டுக்கும் இல்லாமல் லியோபோல்டுக்கு வந்தது. ஆலிஸ் வீட்டிலும் பீட்ரிஸ் வீட்டிலும் அதே கதை. எனவே ஓங்கு பண்பு போயிற்று. ஆண்களுக்கு மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் வழியாக வந்தால் அப்பாவுக்கும் சகோதரர்களுக்கும் இருந்திருக்க வேண்டும், பெண்கள் வழியாக இறங்கியிருக்கவும் முடியாது. அதுவும் போயிற்று. மிஞ்சுவது இரண்டு: உடற்குரோமோசோமில், அதாவது எக்ஸும் ஒய்யும் அல்லாத குரோமோசோம் ஒன்றில், உள்ள ஒடுங்கு பண்பு, அல்லது எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒடுங்கு பண்பு.

விக்டோரியாவும் ஆல்பர்ட்டும் மாமன் மகன், அத்தை மகள் உறவுதானே? அப்படியானால் இது சாதாரண ஒடுங்கு பண்பாக ஏன் இருக்கக் கூடாது?

நல்ல சந்தேகம். விக்டோரியாவின் அம்மாவும் ஆல்பர்ட்டின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். இரட்டைக் கோட்டைப் பார்த்ததும் உடற்குரோமோசோம் ஒடுங்கு பண்பு என்று கை தானாக எழுதிவிடும். இந்த ஒரு வீட்டை மட்டும் வெட்டி எடுத்துப் பார்த்தால் அந்த விடையில் தப்பே இல்லை. ஐரீன் வீட்டிலும் அப்படித்தான்: அவர் மணந்தது தன் பெரியம்மா மகனை.

அடுத்த தலைமுறைகளுக்கு வரும்போதுதான் கணக்கு உதைக்கிறது. உடற்குரோமோசோம் ஒடுங்கு பண்பு என்றால் நோயுள்ள ஒவ்வொரு பையனின் அப்பாவும் கடத்தியாக இருந்தே ஆக வேண்டும். ஆலிஸின் கணவர், பீட்ரிஸின் கணவர், ரஷ்யப் பேரரசர், ஸ்பெயின் மன்னர், ரூபர்ட்டின் அப்பா என்று இந்தக் குடும்பத்துக்குள் மாப்பிள்ளையாக வந்தவர்கள் எல்லோரும், மிக அரிதான ஒரு நோயின் மரபணுவைத் தற்செயலாகக் கையோடு கொண்டுவந்திருக்க வேண்டும். இவர்களில் சிலர் ஜெர்மனியின் ஹெஸ்ஸே அரச குடும்பம் வழியாக ஒருவருக்கொருவர் சொந்தம் என்பதால், வாய்ப்புகளை அப்படியே பெருக்கிவிடவும் கூடாது. ஆனாலும் ஸ்பெயின் மன்னர் வரைக்கும் எல்லோரும் கடத்தி என்று நம்புவது கஷ்டம். எக்ஸ் ஒடுங்கு என்றால் இந்த மாப்பிள்ளைகள் யாரைப் பற்றியும் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. நோய் அம்மா வழியாகவே வந்துவிடுகிறது.

இன்னொரு சாட்சியும் உண்டு. உறுதியாக நோய் இருந்ததாகத் தெரிகிற ஒன்பது பேரும் ஆண்கள். உடற்குரோமோசோம் பண்புக்குப் பொதுவாக ஆண், பெண் வித்தியாசம் கிடையாது. ஒன்பது பேரும் தற்செயலாக ஆணாகவே அமைய 512-ல் ஒரு வாய்ப்புதான்.

ஆண்களுக்கு மட்டும்தான் வந்திருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு எக்ஸ் ஒடுங்கு என்று எழுதிவிடலாமா?

கூடாது. உடற்குரோமோசோமில் இருந்துகொண்டே ஆண்களிடம் மட்டும் வெளிப்படுகிற பண்புகள் உண்டு. அப்படிப்பட்ட ஓங்கு பண்பு பெண்கள் வழியாக மறைந்து வந்து ஆண்களிடம் தலைகாட்டும். படத்தில் பார்த்தால் எக்ஸ் ஒடுங்கு மாதிரியே இருக்கும்.

இரண்டையும் பிரித்துக் காட்டுபவர்கள் நோயுள்ள ஆண்களின் பிள்ளைகள் மட்டும்தான். எக்ஸ் ஒடுங்கு என்றால் அவர்களுடைய மகன்களில் ஒருவருக்கும் அப்பாவிடமிருந்து நோய் வராது. மகள்கள் அத்தனை பேரும் கடத்திகள். ஆண்களிடம் மட்டும் வெளிப்படும் உடற்குரோமோசோம் பண்பு என்றால் மகன்களில் பாதிப் பேருக்கு வரும். மகள்களில் பாதிப் பேர்தான் கடத்துவார்கள்.

விக்டோரியா குடும்பத்தில் இந்தச் சோதனைக்கு எத்தனை பேர் கிடைக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நோயுள்ள ஆண்களில் பலர் சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள், மற்றவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பிள்ளை பெற்றவர் லியோபோல்ட் ஒருவர்தான்: நோயில்லாத ஒரு மகன், கடத்தியான ஒரு மகள். எக்ஸ் ஒடுங்கு என்றால் இந்த இரண்டும் கட்டாயம் இப்படித்தான் நடக்கும். மற்றது என்றால் மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி, ஆக நான்கில் ஒரு வாய்ப்பு. அதாவது உலகத்திலேயே அதிகம் காட்டப்படும் எக்ஸ் ஒடுங்கு படம், இந்த ஒரு கேள்வியில் வெறும் நான்குக்கு ஒன்று என்ற பலத்தில்தான் நிற்கிறது. இந்தப் படத்தைப் பாடமாக நடத்துபவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஹீமோஃபிலியா எக்ஸ் சார்ந்தது என்று அடித்துச் சொல்ல, நோயுள்ள ஆண்கள் பிழைத்து நிறையப் பிள்ளைகள் பெற்ற மற்ற குடும்பங்களும் மரபணு ஆய்வும் தேவைப்பட்டன.

எங்கள் குடும்பப் படத்தில் மூன்று தலைமுறையிலும் தொடர்ந்து வருகிறது. தலைமுறை விடாமல் வந்தால் ஓங்கு பண்புதானே?

சொந்தத்துக்குள் திருமணம் நடக்காத குடும்பம் என்றால் பெரும்பாலும் சரி. நம் பக்கத்தில் அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று கட்டிக்கொடுக்கும் வழக்கம் இருப்பதால், படத்தில் இரட்டைக் கோடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒடுங்கு நோய் உள்ள ஒருவர் வெளியில் பெண் எடுத்தால், அந்தப் பெண் கடத்தியாக இருக்கும் வாய்ப்பு குறைவு. பிள்ளைகளுக்கு நோய் வராது, ஒரு தலைமுறை இடைவெளி விழும். அவரே அத்தை மகளைக் கட்டினால், அதே தாத்தா பாட்டியிடமிருந்து அவளும் அந்த மரபணுவை வாங்கியிருக்கக்கூடும். அப்படி அவள் கடத்தியாக இருந்தால் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நோய் வரும். அடுத்த தலைமுறையிலும் இதுவே நடந்தால், மூன்று தலைமுறை, தலைமுறைக்குப் பாதிப் பேர் என்று அச்சு அசல் ஓங்கு பண்பு மாதிரியே படம் அமைந்துவிடும். எனவே நோய் இறங்கிய ஒவ்வொரு திருமணமும் இரட்டைக் கோடா, ஒற்றைக் கோடா என்று பாருங்கள். வெளியிலிருந்து வந்த துணையோடு பிறந்த பிள்ளைகளுக்கும் நோய் தொடர்ந்து இறங்கினால் ஓங்கு பண்பு என்று நம்பலாம். இரட்டைக் கோடு உள்ள இடத்தில் மட்டும் இறங்கினால் ஒடுங்கு பண்பு.

பிறவியிலேயே காது கேளாத இருவர் திருமணம் செய்துகொண்டார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் நன்றாகக் காது கேட்கிறது. அப்படியானால் அது ஓங்கு பண்பா?

மேலே சொன்ன விதியின்படி ‘ஓங்கு’ என்றுதான் வரும். ஆனால் அந்தக் கணவருடைய பெற்றோரையும் மனைவியுடைய பெற்றோரையும் பாருங்கள். நான்கு பேருக்கும் காது கேட்கும் என்றால் அந்த வீடுகள் ‘ஒடுங்கு’ என்கின்றன. ஒரே படத்தில் இரண்டு விதிகள் முட்டிக்கொண்டால் விதிகள் பொய் என்று அர்த்தம் இல்லை, நாம் ஒன்று என்று நினைத்தது உண்மையில் இரண்டு என்று அர்த்தம்.

காது கேளாமையை உண்டாக்கக்கூடிய மரபணுக்கள் நிறைய இருக்கின்றன. கணவருக்கு ஒரு மரபணு கெட்டிருக்கலாம், மனைவிக்கு வேறொன்று. பிள்ளைகளுக்கு ஒவ்வொரு மரபணுவிலும் ஒரு நல்ல பிரதியாவது கிடைத்துவிடுவதால் எல்லோருக்கும் காது கேட்கிறது. இருவருக்கும் ஒரே மரபணு கெட்டிருந்தால் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காது கேளாமை வரும். மருத்துவக் காரணங்களையும் விசாரிக்க வேண்டும்: இருவரில் ஒருவருக்கு, அவருடைய அம்மா கர்ப்பமாக இருந்தபோது வந்த ரூபெல்லாவால் காது போயிருந்தால், அவருடைய கறுப்புச் சதுரத்துக்கும் பரம்பரைக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு பெண்ணுக்கு நோய் இருந்தாலே எக்ஸ் ஒடுங்கு இல்லை என்று அடித்துவிடலாமா?

அவளுடைய அப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். அப்பாவுக்கும் நோய் இருந்து, அம்மா கடத்தியாகவும் இருந்தால் மகளுக்கு வரலாம். சிவப்பு, பச்சை நிறக்குருடு மாதிரி பரவலான பண்பில் சொந்தத் திருமணம் இல்லாமலே இது நடக்கும்.

ஹீமோஃபிலியா மாதிரி அரிய நோயில் அக்கா மகளைக் கட்டுவது இதற்கு வழி செய்யும். நோயுள்ள ஒருவரின் அம்மா கடத்தி என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அக்கா கடத்தியாக இருக்கப் பாதி வாய்ப்பு, அக்கா மகளுக்கு அதில் பாதி, அதாவது நான்கில் ஒன்று. அவர் அந்த அக்கா மகளைக் கட்டி, அவளும் கடத்தியாக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகளுக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு. ஆக எட்டில் ஒன்று. நோயின் பெயரே கேள்விப்படாத குடும்பத்தில் பெண் எடுத்திருந்தால் இது கிட்டத்தட்ட இல்லையென்றே சொல்லலாம்.

அப்பாவுக்கு நோய் இல்லாமல் மகளுக்கு மட்டும் லேசான அறிகுறி தெரிவதும் உண்டு. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று செயலிழந்துவிடும். நல்ல எக்ஸ் அதிகமான செல்களில் செயலிழந்துவிட்டால், கடத்தியான பெண்ணுக்கே மாதவிடாயிலும் பிரசவத்திலும் இரத்தப்போக்கு அதிகமாகலாம். அவர்களை ‘வெறும் கடத்தி’ என்று ஒதுக்காமல், இரத்தத்தை உறையவைக்கும் புரதமான உறைதல் காரணியின் அளவைப் பரிசோதிக்கச் சொல்ல வேண்டும்.

நோயுள்ளவரின் சகோதரி கடத்தியா என்று படத்தை வைத்துச் சொல்ல முடியுமா?

உறுதியாக முடியாது, வாய்ப்பைச் சொல்லலாம். இதற்கும் அதே குடும்பத்தில் ஆள் இருக்கிறார். இறந்துபோன குட்டி ஃபிரெடெரிக்கின் மூத்த அக்கா பெயரும் விக்டோரியாதான். இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுன்ட்பேட்டனுடைய அம்மா இவர்.

அவருடைய அம்மா ஆலிஸ் நிச்சயம் கடத்தி என்பதால் தொடக்க வாய்ப்பு பாதி. ஆனால் இந்த மகள் விக்டோரியாவுக்கு இரண்டு மகன்கள், இருவருக்கும் நோய் இல்லை. அந்தத் தகவலை வீணாக்கக் கூடாது. இவரைப் போலவே கடத்தியின் மகளாகப் பிறந்து, இரண்டு மகன்கள் பெற்ற எட்டுப் பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக நான்கு பேர் கடத்தி, நான்கு பேர் இல்லை. கடத்திகள் நான்கு பேரில் ஒருவருக்குத்தான் இரண்டு மகன்களுமே தப்பித்திருப்பார்கள். கடத்தி அல்லாத நான்கு பேருக்கும் மகன்கள் ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள். ஆக, ஆரோக்கியமான இரண்டு மகன்கள் உள்ள பெண்கள் ஐந்து பேர், அவர்களில் கடத்தி ஒருவர். பாதியாக இருந்த வாய்ப்பு ஐந்தில் ஒன்றாக இறங்கிவிட்டது. மகள்கள் வழியில் பிறந்த பேரன்களும் ஆரோக்கியமாக இருந்தால் இன்னும் இறங்கும்.

சகோதரனுடைய பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம். லியோபோல்டின் மூத்த அண்ணன் ஏழாம் எட்வர்டுக்கு நோய் இல்லை, எனவே அவருடைய எக்ஸ் நல்லது, அவர் வழியில் வந்த பிரிட்டிஷ் மன்னர்களுக்கு அவர் மூலமாக நோய் வர வழியே இல்லை.

விக்டோரியாவுக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் யாருக்குமே இல்லையே, எங்கிருந்து வந்தது?

அவருடைய அம்மாவுக்கு முதல் திருமணத்தில் ஒரு மகனும் ஒரு மகளும் உண்டு. அந்த வழியில் நோய் தெரியவில்லை. அப்பாவுக்கு ஹீமோஃபிலியா இல்லை. ஆகவே மரபணுவில் புதிதாக ஒரு மாற்றம் நேர்ந்திருக்க வேண்டும் என்பதே பொதுவான கருத்து. விக்டோரியா பிறந்தபோது அப்பாவுக்கு 51 வயது. வயது கூடக் கூட விந்தணுவில் புது மாற்றங்கள் கூடும் என்பதால் சந்தேகம் அவர் பக்கம் சாய்கிறது. அம்மா வழியை முழுக்க விலக்க முடியாது, ஏனென்றால் ஒரே ஒரு சகோதரன் ஆரோக்கியமாக இருந்தது பெரிய சாட்சி இல்லை.

உங்கள் படத்துக்கும் இது பொருந்தும். ஒரே ஒரு கறுப்புச் சதுரம் மட்டும் உள்ள படத்தை வைத்து எந்த வகை என்றும் சொல்ல முடியாது. ஓங்கு பண்பில் புது மாற்றம், எக்ஸில் புது மாற்றம், பெற்றோர் இருவரும் கடத்தியாக அமைந்தது என்று மூன்றுமே அப்படித்தான் தெரியும். மூன்றுக்கும் அடுத்த பிள்ளையின் ஆபத்து வேறு வேறு என்பதால், அங்கே படத்தை மடித்து வைத்துவிட்டு மரபணுப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

விக்டோரியா குடும்பத்தின் நோயைப் பரிசோதனையில் உறுதி செய்தார்களா?

செய்தார்கள். 1918-ல் சுட்டுக்கொல்லப்பட்ட ரஷ்யப் பேரரசர் குடும்பத்தின் எலும்புகள் யெகாதெரின்பர்க் அருகே இரண்டு இடங்களில் கிடைத்தன. அலெக்ஸியின் எலும்புகள் 2007-ல்தான் கிடைத்தன. 2009-ல் வெளியான ஆய்வில், எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒன்பதாம் உறைதல் காரணியின் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது தெரிந்தது. எனவே நோய் ஹீமோஃபிலியா பி என்ற வகை. அலெக்ஸியின் ஒரே எக்ஸில் கெட்ட பிரதி மட்டும் இருந்தது. அவனுடைய அம்மா அலெக்ஸாண்ட்ராவிடம் நல்லது ஒன்று, கெட்டது ஒன்று. நான்கு சகோதரிகளில் ஒருத்தியிடமும் அந்த மாற்றம் காணப்பட்டது. படத்தில் அவள் கடைசிவரை வெறும் வட்டமாகத்தான் இருந்தாள், ஏனென்றால் அவளைக் கடத்தி என்று காட்டியிருக்கக்கூடிய பிள்ளைகள் பிறக்கவே இல்லை.